நிப்பு ஒன்று சொல்லும், உடல் ஒன்று சொல்லும்

பழைய இங்க் பேனா ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் நிப்பைத்தான் பார்க்கிறார்கள். எழுத்துகள் அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஆனால் பேனாவில் எளிதில் தேய்ந்து, எளிதில் மாற்றப்படும் பாகமும் அதுதான். கீழே விழுந்து முனை வளைந்தால் நிப்பு போடுவார்கள். பட்டையாக எழுதுகிறது என்று நிப்பு மாற்றுவார்கள். டயரில் இருக்கும் பெயரைப் படித்துச் சைக்கிள் எந்தக் கம்பெனி என்று யாரும் சொல்லமாட்டோம். பேனா விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். அதற்குக் காரணம் சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்போன அந்த ஊர், பால்பாயின்ட் பேனா வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போடும்வரை பேனா நிப்புக்கும் பெயர்போனது. குடிசைத் தொழிலாகவே அங்கே நிப்பு செய்தார்கள். மெல்லிய உலோகத் தகட்டிலிருந்து நிப்பின் வடிவத்தை வெட்டுவது, நடுவில் துளை போடுவது, எழுத்துக் குத்துவது, வளைப்பது, பிளவு அறுப்பது, முனையைத் தேய்ப்பது என்று நிப்பு செய்வது பல கைகள் மாறும் வேலை. இதில் எழுத்துக் குத்துவது தனி வேலை. அச்சு இருந்தால் எந்தப் பெயரையும் குத்தலாம். ஆகவே நிப்பின் மேல் உள்ள எழுத்து, அதைக் குத்தியவர் கையில் எந்த அச்சு இருந்தது என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறது. மற்றதெல்லாம் ஊகம்.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன் அப்பாவின் பேனாவை ஒரு நாள் எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் பருமன், கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம், மஞ்சள் நிப்பு. நிப்பின் மேல் ஆங்கிலத்தில் ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்று இருந்தது.

“ஜெர்மன் பேனா சார் இது. தங்க நிப்பு. கடலூரில் ரெண்டு கடையில் கேட்டுவிட்டேன், இதற்கு ரீஃபில் இல்லை என்கிறார்கள்” என்றார்.

அவர் சொன்னதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஜெர்மன், தங்கம், ரீஃபில். மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம்.

முதலில் தங்கம். தங்க நிப்பு என்றால் செய்தவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். 14 காரட் நிப்பில் ‘14 கே’ என்றோ ‘14 சிடி’ என்றோ ‘585’ என்றோ இருக்கும். 18 காரட் என்றால் ‘750’. ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதே இந்த மூன்றிலக்க எண். ‘ஜிபி’ என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது தங்க முலாம். ஆசிரியரின் நிப்பில் எண்ணே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பிளவின் இரு ஓரங்களிலும் மஞ்சள் தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. எழுதும்போது மையும் காகிதமும் படுகிற இடத்தில்தான் முலாம் முதலில் போகும். காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் நிப்பு லேசாக ஒட்டிக்கொண்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது. இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒட்டினால் தங்கம் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் தங்கம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளும் காந்தத்தைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்து ஜெர்மனி. ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்பது கம்பெனிப் பெயரே இல்லை. பேனா செய்யும் பல நாடுகளில் மொத்த விலைக்கு வாங்கிப் பொருத்தும் பொதுவகை நிப்புகளில் இந்த வாசகம் சகஜம். ஜெர்மனியையே பார்த்திராத நிப்புகளிலும் இது உண்டு. ‘வாரன்டட்’ என்று மட்டும் குத்தியிருக்கும் பழைய நிப்புகளும் இதே ஜாதிதான். செய்தவர் தன் பெயரைப் போடாமல் விற்றவை அவை. இரிடியம் என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. எழுதும் முனையில் பற்றவைத்திருக்கும் கடினமான சிறு குமிழுக்கு ஒரு காலத்தில் இரிடியம் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தினார்கள். இன்று பெரும்பாலும் ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவைகள்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் குமிழாவது இருக்கிறதா என்பதை லென்ஸ் சொல்லிவிடும். நல்ல நிப்பில் முனையின் நிறமும் மினுக்கமும் மாறும் இடத்தில் ஒரு கோடு தெரியும். மலிவான நிப்பில் அந்தக் கோடு இருக்காது. அதே தகட்டின் நுனியை உள்ளே மடித்துத் தேய்த்திருப்பார்கள். ஆசிரியரின் நிப்பில் கோடு இல்லை.

ஆக, நிப்பு முலாம் பூசிய எஃகு நிப்பு, யார் செய்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நிப்பின் சாட்சி இவ்வளவுதான். பேனாவைப் பற்றி அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உடலுக்கு வருவோம். இங்கே முதல் வேலை படிப்பது இல்லை, துடைக்காமல் இருப்பது. பழைய பேனாவைக் கண்டதும் மெருகு போடத் தோன்றும். உடலில் பொறித்த எழுத்துகளின் ஆழம் பல நேரங்களில் தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஒரு முறை மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் செய்தவர் பெயர் அந்தத் துணியோடு போய்விடும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலர விட்டால் போதும்.

பிறகு இருட்டறையில் டார்ச்சைப் பேனாவுக்குப் பக்கவாட்டில், உடலோடு கிட்டத்தட்ட ஒட்டிப் பிடித்து அடிக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். சாய்ந்து விழும் ஒளியில் பள்ளத்தின் ஒரு கரை நிழலாகும், மறு கரை மின்னும். பேனாவை மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் நேரே பார்க்கும்போது இல்லாத எழுத்து ஓரிடத்தில் எழும்பி வரும். அப்போதும் தெரியாவிட்டால் கொஞ்சம் முகப் பவுடரை விரலால் தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது கண்ணால் பார்ப்பதைவிட நல்லது.

ஆசிரியரின் பேனாவில் முதலில் எழும்பியது தமிழ் எழுத்து. இனிஷியலோடு அவருடைய அப்பாவின் பெயர். வாங்கும்போதே கடையில் பெயர் வெட்டித் தருவது அந்தக் காலத்து வழக்கம். இதனால் வாங்கியவர் பெயரைக் கம்பெனிப் பெயராக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. கையால் வெட்டிய எழுத்தில் கோட்டின் ஆழம் ஏறி இறங்கும், ஒரே எழுத்து இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கும். கம்பெனி முத்திரை சூடான அச்சால் ஒரே அழுத்தில் விழுந்தது. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருக்கும்.

பெயருக்கு எதிர்ப்பக்கத்தில், பவுடர் போட்ட பிறகு, ஆங்கிலத்தில் அப்படி ஒரு முத்திரையின் வால் கிடைத்தது. முதல் எழுத்து போய்விட்டது. மிச்சம் ‘ஏ எம் ஏ’. சென்னை பாரிமுனைப் பகுதியில் இருக்கும் ஜெம் அண்ட் கோ கடையின் சொந்தப் பேனா ‘காமா’ என்பது பேனாப் பிரியர்களுக்குத் தெரியும். ஆனால் மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு குதித்துவிடக் கூடாது. மீதிச் சாட்சிகள் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

நிறத்தைப் பார்ப்போம். மூடியைக் கழற்றியபோது, மூடிக்குள் மறைந்திருந்த பகுதி நல்ல கறுப்பு. வெளியே இருந்த பகுதி பழுப்பு. உடலைக் கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து மோந்தால் தீக்குச்சியை நினைவூட்டும் கந்தக வாடை. இது எபோனைட். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து, நேரம் எடுத்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய பொருள். வெளிச்சமும் ஈரமும் படும்போது மேற்பரப்பில் இருக்கும் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்கிறது, கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிறது. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றுக்கு இது பிடித்த வேலை. இதில் இன்னொரு பயனும் உண்டு. மூடியும் உடலும் ஒரே அளவுக்கு வெளுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தவை என்று நம்பலாம். ஒன்று கறுத்தும் ஒன்று பழுத்தும் இருந்தால் மூடி வேறு பேனாவினுடையதா என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே இரண்டும் ஒத்திருந்தன.

உடலின் அடியில் அச்சில் வார்த்த புள்ளி இல்லை, நீளவாக்கில் ஒட்டுக்கோடும் இல்லை. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்திச் செய்த பேனாவில் இவற்றில் ஒன்றாவது தெரியும். அப்படியானால் இது எபோனைட் கம்பியைக் கடைசலில் கடைந்து எடுத்த பேனா. இப்படிக் கடையும் தொழில் தென்னிந்தியாவில் பரவலாக இருந்தது, இன்றும் செத்துவிடவில்லை. ராஜமுந்திரியில் 1930களிலிருந்தே இருக்கும் ரத்னம், திருவள்ளூரில் ரங்கா, சென்னையில் காமா என்று அந்தக் கைகள் தொடர்கின்றன. வடிவமும் பொருளும் இந்தக் குடும்பத்துக்குள் நம்மைக் கொண்டுவந்து விடுகின்றன. குடும்பத்துக்குள் எந்த வீடு என்பதை அந்த மூன்றெழுத்து முத்திரை சொல்கிறது. ‘சென்னையில் விற்ற, கடைசலில் கடைந்த எபோனைட் பேனா. பெரும்பாலும் காமா. நிப்பு பிறகு மாற்றியதாக இருக்கலாம்’ என்று ஆசிரியரிடம் சொன்னேன். அந்தப் ‘பெரும்பாலும்’ முக்கியம். கடைக்காரர் பெயர் பொறித்த பேனாவை உள்ளபடி கடைந்தவர் வேறொரு பட்டறைக்காரராக இருப்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம்.

எல்லாப் பேனாவும் இவ்வளவு மௌனமாக இருப்பதில்லை. பார்க்கர் வாயாடி. 1980களிலிருந்து வந்த பார்க்கர்களில் மூடியின் விளிம்பில் பெரும்பாலும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘குவாலிட்டி பென்’ என்பதன் பத்து ஆங்கில எழுத்துகளும் முறையே 0 முதல் 9 வரை ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கின்றன. 1980களின் பிற்பகுதியிலிருந்து கூடவே சின்னக் கோடுகள் வந்தன. மூன்று கோடு முதல் காலாண்டு, இரண்டு கோடு இரண்டாவது, ஒரு கோடு மூன்றாவது, கோடு இல்லையென்றால் கடைசி. ‘டி’ எழுத்தும் இரண்டு கோடும் இருந்தால் ஐந்தில் முடியும் ஓர் ஆண்டின் இரண்டாவது காலாண்டு. 1995ஆ 2005ஆ என்பதை மாடல் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்து பத்தாண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். நிப்பு முழுக்க உடலுக்குள் ஒளிந்திருக்கும் சீனத்து ஹீரோ பேனாவில் நிப்பைப் படிக்கவே வழியில்லை. அங்கே மூடியைச் சுற்றிப் பெயரையும் எண்ணையும் தேட வேண்டும்.

இப்போது ரீஃபில். கடைக்காரரிடம் ரீஃபில் என்று கேட்டால் பால் பேனாவுக்குள் போகும் குழாயைத்தான் எடுத்துப் போடுவார். இங்க் பேனாவுக்கு எதைப் போடுவது என்பதைச் செய்தவர் பெயரைவிட உடலின் உட்புறம்தான் தெளிவாகச் சொல்லும். கழுத்தைத் திருகிக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கூரான சிறு குழாய் துருத்திக்கொண்டிருந்தால் அது கார்ட்ரிட்ஜைக் குத்தித் திறக்கும் முள். அந்த இடத்தில் மட்டும் கம்பெனி முக்கியம். பார்க்கர் தன் நீளமான கார்ட்ரிட்ஜைத்தான் ஏற்கும், பைலட்டும் அப்படியே. பல ஐரோப்பியப் பேனாக்கள் பொதுவகைச் சின்னக் கார்ட்ரிட்ஜை ஏற்கும், அது சுமார் 38 மில்லிமீட்டர் நீளம். பொருந்தும் கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் அழுத்தியதும் ‘டக்’கென்று உட்காரும். தளதளவென்று ஆடினாலோ பலம் கொடுத்தும் போகாவிட்டாலோ அது வேறு வகை. ரப்பர் பையோ, அழுத்தும் தகடோ தெரிந்தால் பேனா தானே உறிஞ்சிக்கொள்ளும், அதைப் பிடுங்கக் கூடாது. முள்ளும் இல்லை, பையும் இல்லை, உடல் வெறும் குழாய் என்றால் ஃபில்லரால் மை ஊற்றும் பேனா. ஆசிரியருடையது அதுதான். அதற்கு ரீஃபில் என்று ஒன்று இருந்ததே இல்லை, கடைக்காரர்கள் சொன்னது சரிதான்.

மை ஊற்றும் முன் தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரணத் தண்ணீர், வெந்நீர் வேண்டாம், வெந்நீர் எபோனைட்டை இன்னும் வெளுக்கும். ஊறப் போடவும் வேண்டாம். நிப்பும் அதன் அடியில் இருக்கும் நாக்கும் காய்ந்த மையைக் கக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி, திருகி மூடி, காகிதத்தின் மேல் நிப்பு கீழே இருக்கும்படி சில மணி நேரம் வைக்க வேண்டும். மரையில் ஈரம் கசிந்தால் சிலிக்கான் க்ரீஸ் மெல்லியதாகத் தடவினால் நிற்கும். உடலில் விரிசல் இருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும், சட்டையில் தெரிவதைவிட அது மேல்.

மை எது? இந்தப் பேனாவுக்குத் தண்ணீரில் கரையும் சாதாரண ராயல் ப்ளூ போதும். மைசூருவின் பிரில், மும்பையின் கேமல், கொல்கத்தாவின் சுலேகா எதுவானாலும் சரி. பழைய பாணி இரும்புச்சத்து ப்ளூ-ப்ளாக் மை அமிலத்தன்மை உள்ளது. முலாம் போன எஃகு நிப்பை அது மெல்ல அரிக்கும். அந்த மைக்கு ஈடுகொடுக்கத்தான் ஒரு காலத்தில் நிப்பைத் தங்கத்தில் செய்தார்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் நீர்புகாத டிராயிங் மை எந்த இங்க் பேனாவிலும் ஊற்றவே கூடாது. அதில் இருக்கும் அரக்கு நாக்கின் பள்ளங்களில் காய்ந்தால் பேனாவின் கதை முடிந்தது. ஒரு மையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் அலச வேண்டும். இரண்டு கம்பெனி மை உள்ளே சந்தித்துச் சண்டை போட்டால் அடியில் மண்டி தங்கும்.

மை ஊற்றும் பேனா கக்கும் என்ற புகார் பழையது. பள்ளிக்கூடச் சட்டைப் பைகளே அதற்குச் சாட்சி. காரணம் மையில் இல்லை, மை தீர்ந்த இடத்தில் புகுந்த காற்றில் இருக்கிறது. பேனாவில் 2 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் அறையில் 25 டிகிரி. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பகல் பஸ்ஸில் சட்டைப் பைக்குள் 35 டிகிரி. வெப்பத்தால் மட்டும் அந்தக் காற்று 3 சதவீதத்துக்குச் சற்று மேல் விரியும். உள்ளே மை இருப்பதால் கூடுதலாக நீராவியும் சேரும், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 6 சதவீதம். அதாவது 0.12 மில்லிலிட்டர், இரண்டு சொட்டுக்கு மேல். அவ்வளவு மை நிப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாக்கின் பள்ளங்கள் கொஞ்சம் தாங்கும், தாங்க முடியாதது மூடிக்குள் சொட்டும். பேனா நிறைய மை இருந்தால் காற்றுக்கு இடம் இல்லை, கக்கலும் இல்லை. கால் பங்கு மை மிஞ்சும்போதுதான் தொல்லை அதிகம். ஆகவே பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிட வேண்டும். பையில் வைக்கும்போது நிப்பு மேலே பார்த்திருக்க வேண்டும், அப்போது விரியும் காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியேறும்.

ஆசிரியர் ராயல் ப்ளூ ஊற்றி எழுதிப் பார்த்தார். கோடு கொஞ்சம் பட்டையாக விழுந்தது.

“நிப்பை மாற்றிவிடலாமா தம்பி?” என்றார்.

“மாற்றலாம் சார், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்” என்றேன்.

வீட்டில் இப்படி ஒரு பேனா இருந்தால், மெருகு போடவோ நிப்பு மாற்றவோ கொடுக்கும் முன் அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய நிப்பை ஒரு காகிதத்தில் மடித்து, எந்தப் பேனாவிலிருந்து எடுத்தது என்று எழுதிப் பேனாவோடு வையுங்கள். நிப்பு சொன்னதையும் உடல் சொன்னதையும் ஒரே வரியில் எழுதாமல் தனித்தனி வரியாக எழுதுங்கள்.